பந்து இருக்கிறது, பாடவேளை இல்லை

(பழைய மாணவிகள் சங்கத்தின் பொதுக்கூட்டத்தில் ஆற்றிய உரை)



நாங்கள் என்று சொல்வது எங்கள் வகுப்பில் ஒன்றாகப் படித்த மூவரை. எங்களில் ஒருவர் வைத்தியர். ஒருவர் வேறொரு பாடசாலையில் கணிதம் கற்பிக்கிறார். மற்றவர் வங்கியில் இருக்கிறார். மூவருக்கும் சேர்த்துப் பேசும்படி வைத்தியரை மேடையில் ஏற்றிவிட்டார்கள். நூற்றாண்டுக்குக் கல்லூரிக்கு என்ன செய்யலாம் என்று யோசித்தபோது, விளையாட்டுப் பொருட்கள் வாங்கிக் கொடுக்கலாம் என்றுதான் முதலில் எண்ணினோம். என்ன தேவை என்று கேட்க உடற்கல்வி ஆசிரியையிடம் போனோம். அவரும் இந்தக் கல்லூரியின் பழைய மாணவிதான், எங்களுக்கு எத்தனையோ வகுப்பு இளையவர். களஞ்சிய அறையைத் திறந்து காட்டினார். வலைப்பந்துகள் வலைக்குள் தொங்கின, பாதி புத்தம் புதியவை.

"அக்கா, பந்து கிடக்கு. விளையாடத்தான் நேரமில்லை" என்றார்.

சுவரில் ஒட்டியிருந்த நேரசூசியைக் காட்டி அவர் விளங்கப்படுத்தியதைத்தான் இன்று உங்களோடு பகிர்ந்துகொள்ள வந்திருக்கிறோம்.

எங்கள் கல்லூரியில் தரம் 6 முதல் 9 வரை ஒவ்வொரு தரத்திலும் நான்கு பிரிவுகள், மொத்தம் 16 வகுப்புகள். ஒரு வகுப்பில் 35 பிள்ளைகள் வரை. ஒவ்வொரு வகுப்புக்கும் கிழமைக்கு இரண்டு உடற்கல்விப் பாடவேளைகள் என்றால் 32 வருகிறது. தரம் 10, 11இல் சுகாதாரமும் உடற்கல்வியும் தெரிவுப் பாடம். அதை எடுத்த பிள்ளைகளுக்குத் தரத்துக்கு மூன்று பாடவேளைகள், ஆகவே இன்னும் ஆறு. மொத்தம் 38. கிழமையில் இருப்பதே நாளுக்கு எட்டாக 40 பாடவேளைகள். ஆசிரியை ஒருவர், மைதானம் ஒன்று. கடதாசியில் பார்த்தால் 40க்குள் 38 அடங்கிவிடுகிறது. அதனால்தான் இத்தனை வருடமாக யாருக்கும் இதில் பிழை தெரியவில்லை.

ஆனால் மைதானத்துக்கு 40 பாடவேளைகள் இல்லை. எங்கள் முதலாவது பாடவேளை 7.50க்குத் தொடங்குகிறது. ஒவ்வொன்றும் 40 நிமிடம். நான்காவது முடிந்து 10.30க்கு இடைவேளை, ஐந்தாவது முடிய 11.30. ஆறாவதும் ஏழாவதும் எட்டாவதும் 11.30இலிருந்து 1.30 வரை. யாழ்ப்பாணத்தில் சூரியன் உச்சிக்கு வருவது ஏறக்குறைய 12.10க்கு. ஏப்ரல் நடுப்பகுதியிலும் ஓகஸ்ட் கடைசியிலும் அது நேராகத் தலைக்கு மேலேயே நிற்கும். மைதானத்தின் கிழக்கிலுள்ள மாடிக் கட்டடத்தின் நிழல் காலையில் வலைப்பந்துத் திடலை மூடியிருக்கும். ஒன்பது மணிக்குப் பிறகு அதுவும் சுருங்கிவிடும். மதியத்தில் நிழல் என்று இருப்பது அந்த இரண்டு வேப்பமரங்கள்தான். ஆக, பிள்ளைகளை ஓடவிடக்கூடிய பாடவேளைகள் நாளுக்கு ஐந்து, கிழமைக்கு 25.

பழைய நேரசூசியில் கனிஷ்ட வகுப்புகளின் 32 பாடவேளைகளில் 13 மதியத்தில் விழுந்திருந்தன. அந்தப் 13இல் என்ன நடந்தது என்பதை ஆசிரியையின் வரவுக் குறிப்பே சொன்னது. வெளியே இருக்க அனுமதி கேட்ட பிள்ளைகளின் பெயருக்கு நேரே அவர் 'ஏலாது' என்று எழுதிவைப்பார். அதே வகுப்பில் காலைப் பாடவேளையில் இரண்டு மூன்று 'ஏலாது' இருந்தால், மதியப் பாடவேளையில் எட்டு ஒன்பது இருந்தது. தலையிடி, வயிற்றுவலி, மாதவிடாய் என்று காரணம் எதுவாகவும் இருக்கலாம். ஆனால் காரணம் மணிக்கூட்டைப் பார்த்துக் கூடிக் குறையுமானால், பிள்ளையில் அல்ல, நேரத்தில்தான் நோய் இருக்கிறது. வைத்தியராக ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போகிறோம்: மாதவிடாய் நாட்களில் விளையாடக்கூடாது என்று ஒரு விதியும் இல்லை. கடுமையான வலியோ அதிக இரத்தப்போக்கோ இருந்தால் அது காட்டி மருந்தெடுக்க வேண்டிய விஷயம். மாதாமாதம் மரத்தடியில் இருந்து கழிக்கிற விஷயமல்ல.

சில மதியப் பாடவேளைகள் மரத்தடியில் கழிந்தன. சிலவற்றைப் பரீட்சை நெருங்கும்போது கணிதமும் விஞ்ஞானமும் எடுத்துக்கொண்டன. 8சி வகுப்புக்குத் திங்கள் ஏழாவதும் புதன் எட்டாவதும் கிடைத்திருந்தன. அந்தப் பிள்ளைகள் ஒரு தவணை முழுவதும் வெயிலுக்குத் தப்பி ஓடி விளையாடியது எத்தனை நாள் என்று கேட்டபோது, ஆசிரியை யோசித்துப் பார்த்து, மழைமூட்டமாக இருந்த சில நாட்களைச் சொன்னார்.

இது எப்படி வந்தது? உப அதிபர் மனம் திறந்து சொன்னார். அவர் மார்கழி விடுமுறையில் பெரிய மட்டையில் கட்டம் கீறி, ஒவ்வொரு பாடத்துக்கும் ஒரு நிறத்தில் சிறு அட்டை வெட்டி, ஊசி குத்தி நேரசூசி போடுபவர். முதலில் சங்கீதம், நடனம், சித்திரம் போன்ற அழகியல் பாடங்களைப் போடுவார். ஏனென்றால் ஒரு தரத்தின் நான்கு பிரிவும் ஒரே நேரத்தில் பிரிந்து போகவேண்டும். அடுத்து கணிதம், விஞ்ஞானம், ஆங்கிலம், தமிழ். அவர்கள் எல்லோரும் காலையைக் கேட்பார்கள். "மிஞ்சின ஓட்டையளிலதான் உடற்கல்வி" என்றார். அவரில் குறை சொல்ல ஒன்றுமில்லை. பல பாடசாலைகளில் வழக்கம் இதுதான்.

எங்களில் கணிதம் கற்பிப்பவர் இங்கேதான் குறுக்கே வந்தார். நேரசூசி போடும்போது எது மிக இறுக்கமோ அதை முதலில் வைக்க வேண்டும், வசதியானதைக் கடைசியில் விடவேண்டும் என்பது அவரது வாதம். கணித ஆசிரியர்கள் பலர், அறைகள் பல. ஆறாவது பாடவேளையிலும் கணிதம் படிக்கலாம், அலுப்பாக இருக்கும், அவ்வளவுதான். மைதானத்துக்கோ 25 இடங்கள்தான், அதற்கு மேல் ஒன்றும் கிடையாது.

"அப்ப காலை முழுக்க உடற்கல்விக்குக் குடுத்திட்டுக் கணிதத்தை வெயிலுக்க விடுறதோ?" என்று உப அதிபர் கேட்டார். நியாயமான கேள்வி. ஆனால் கட்டங்களை எண்ணிப் பார்த்தபோது அந்தப் பயம் கரைந்துவிட்டது. காலையின் 25 பாடவேளைகளையும் மைதானம் 16 வகுப்புகளுக்குப் பங்கிடுகிறது. ஆனால் தனியே 7ஏ வகுப்பை எடுத்துப் பாருங்கள். அந்த வகுப்புக்கும் கிழமைக்கு 25 காலைப் பாடவேளைகள் இருக்கின்றன. அவற்றில் உடற்கல்வி எடுப்பது ஆகக்கூடியது இரண்டு. மிச்சம் 23இலும் கணிதமும் விஞ்ஞானமும் தாராளமாக அமரலாம். மைதானத்துக்கு நெருக்கடியாக இருப்பது வகுப்புக்கு நெருக்கடியே அல்ல. இதை மட்டையில் ஊசி குத்திக் காட்டியபின் அவர் வேறு கேள்வி கேட்கவில்லை. பழைய மட்டையைக் கழற்றி வைத்தார்.

இனிக் கணக்கு. 25 இடங்களுக்குள் கனிஷ்ட வகுப்புகளின் 32ஐ அடக்க முடியாது. எனவே ஒவ்வொரு வகுப்புக்கும் ஒரு பாடவேளை தனியாக, மற்றது பக்கத்துப் பிரிவோடு சேர்ந்து என்று முடிவு செய்தோம். 6ஏயும் 6பியும் ஒரு சோடி, 6சியும் 6டியும் ஒரு சோடி. 16 தனி, எட்டுச் சோடி, தரம் 10, 11 தெரிவுப் பாடக்காரருக்குச் சேர்த்து ஒரு செய்முறை: கூட்டினால் சரியாக 25. துள்ளிக் குதித்தோம்.

மட்டையைப் பார்த்த உடற்கல்வி ஆசிரியை மட்டும் சிரிக்கவில்லை. "அப்ப நான் எப்ப அக்கா தண்ணி குடிக்கிறது?" என்று கேட்டார். நாங்கள் வெட்கப்பட்டுப்போனோம். காலை 7.50இலிருந்து 11.30 வரை ஐந்து பாடவேளையும், ஐந்து நாளும், இடையில் 20 நிமிட இடைவேளையோடு அவரை வெயிலில் நிறுத்தியிருந்தோம். பிள்ளைகளின் வெயிலைப் பார்த்தோமே தவிர, அதே வெயிலில் நாள் முழுக்க நிற்பவரைப் பார்க்கவில்லை. வைத்தியர் பக்கத்தில் இருந்தும் இது நடந்தது.

அதன் பிறகுதான் மண்டபம் நினைவுக்கு வந்தது. பிரதான மண்டபம் ஆறாவது பாடவேளையில் பெரும்பாலும் வெறுமையாகக் கிடக்கும். நாளுக்கு ஒரு தனி வகுப்பை அங்கே கொண்டுபோனோம், கயிறடித்தலுக்கும் உடற்பயிற்சிக்கும். 35 பேருக்கு அது தாராளம், சோடிக்குப் போதாது. இப்படி ஐந்து மண்டபத்துக்குப் போக, மைதானத்தில் 20 நின்றது. ஒவ்வொரு காலையிலும் ஆசிரியைக்கு ஒரு பாடவேளை ஓய்வு. தெரிவுப் பாடத்தின் மற்ற நான்கு பாடவேளைகளும் அறைக்குள் நடக்கும் பாடமாகையால் அவற்றை மதியத்துக்கு விட்டோம். 38 ஆக இருந்த அவரது கடமை 29 ஆனது. மண்டபத்துக்குப் போகும் ஐந்து வகுப்புகள் தவணைக்குத் தவணை மாறும். மூன்று தவணைக்கு 15. மிஞ்சிய ஒரு வகுப்பு வருடம் முழுவதும் மைதானத்திலேயே நிற்கும். அது யார் என்று சீட்டுக் குலுக்கினோம்.

அட்டைகளைக் குத்திய ஒழுங்கையும் சொல்லவேண்டும், வேறு பாடசாலைகளில் கற்பிப்பவர்கள் இங்கே பலர் இருக்கிறீர்கள். எட்டுச் சோடி அட்டைகளை முதலில் குத்தினோம், இரண்டு வகுப்பு ஒரே நேரம் விடுபட வேண்டும் என்பதால். அடுத்து மண்டபத்தின் ஐந்து. பிறகு மைதானத்துத் தனி 11உம் செய்முறை ஒன்றும். ஒரு வகுப்பின் இரண்டு பாடவேளைகளுக்கும் இடையில் குறைந்தது ஒரு நாளாவது இருக்க வேண்டும் என்று ஒரே ஒரு நிபந்தனை வைத்தோம். இவை எல்லாம் நின்ற பிறகே அழகியல் பாடங்களைத் தொட்டோம். அங்கேதான் சிக்கியது. சங்கீத ஆசிரியை இன்னொரு பாடசாலைக்கும் போகிறவர், எங்களுக்குச் செவ்வாயும் வியாழனும் மட்டுமே வருவார். தரம் 8இன் அழகியலைச் செவ்வாய் மூன்றாவதிலிருந்து நகர்த்த முடியாது. நாங்களோ அங்கே 8ஏ, 8பி சோடியைக் குத்தியிருந்தோம். அதைத் தூக்கி வியாழன் இரண்டாவதுக்குக் கொண்டுபோனால் அங்கே 6சி இருந்தது. 6சியைச் செவ்வாய் மூன்றாவதுக்குக் கொண்டுவந்தால் அதன் சோடி முதல் நாள் திங்களிலேயே இருந்தது, நிபந்தனை உடைகிறது. கடைசியில் 6சியைப் புதன் நான்காவதுக்கு அனுப்பி, அங்கிருந்த 9டியைச் செவ்வாய்க்கு இழுத்தோம். 9டியின் சோடி வெள்ளிக்கிழமை, பிரச்சினை இல்லை. மூன்று அட்டை மாற ஒரு பின்னேரம் போனது. நாங்களே சொன்ன விதிக்கு நாங்களே தப்பு செய்திருந்தோம். பகுதிநேரமாக வருகிற ஆசிரியரின் நாட்களும் மைதானத்தைப் போலவே இறுக்கமானவை. அவற்றையும் முதலிலேயே மட்டையில் குறித்திருக்க வேண்டும்.

சோடிப் பாடவேளையில் 70 பிள்ளைகள். அவர்களை ஒருவரிடம் விட்டால் விபத்துக்கு வழி. இரண்டாவது பெரியவர் ஒருவர் வேண்டும், வகுப்பாசிரியைகள் தங்கள் ஓய்வு நேரத்தில்தான் வரவேண்டும். கிழமைக்கு எட்டுத் தடவை, 16 வகுப்பாசிரியைகள், ஆகவே ஒருவருக்கு இரண்டு கிழமைக்கு ஒரு முறை. இதைச் சொன்னபோது ஆசிரியர் அறையில் எழுந்த முணுமுணுப்பு நியாயமானதுதான். அதிபர் அதற்கு ஒரு வழி கண்டார்: அதை நேரசூசியிலேயே கடமையாகக் குறித்து, அன்றைக்கு வராத ஆசிரியருக்குப் பதிலாக வகுப்புப் பார்க்கும் பட்டியலிலிருந்து அவரை விடுவித்தார். முணுமுணுப்பு முற்றாக அடங்கியது என்று சொல்லமாட்டோம்.

பாடவேளை கிடைத்தால் மட்டும் போதுமா என்றும் பார்க்க விரும்பினோம். பழைய நேரசூசி நடந்த கடைசித் தவணையில், வங்கியில் இருக்கும் எங்கள் தோழி கடிகாரத்தோடு மைதான ஓரத்தில் நின்று ஒரே ஒரு பிள்ளையை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தார். 8.30க்கு மணி. சப்பாத்து மாற்றி, வரிசையாகி, மைதானம் வர 8.39. வரவு எடுத்து முடிய 8.43. பிறகு 35 பிள்ளைகள் ஒரே வரிசையில் நின்று வளையத்துக்குள் பந்து எறிந்தார்கள். அந்தப் பிள்ளைக்குப் பந்து மூன்று முறை கைக்கு வந்தது. 9.04க்குத் திரும்பிவிட்டார்கள். 40 நிமிடத்தில் அவள் உடம்பை அசைத்தது ஒன்பது நிமிடம்.

5 முதல் 17 வயது வரையான பிள்ளைகள் சராசரியாக நாளொன்றுக்கு 60 நிமிடம் மூச்சு வாங்க உடலை இயக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. எந்த நேரசூசியாலும் எங்கள் கல்லூரி அதைத் தனியே கொடுக்க முடியாது. ஆனால் ஒன்பது நிமிடத்தை என்ன செய்யலாம் என்று பார்க்கலாம். ஒரு வலைப்பந்துத் திடல் 30.5 மீற்றர் நீளம், 15.25 மீற்றர் அகலம். இரு பக்கமும் ஏழு பேராக விளையாடினால் 14 பேர் விளையாட 21 பேர் பார்த்துக்கொண்டிருப்பார்கள். ஆனால் அந்தத் திடலே கோடு போட்டு மூன்றாகப் பிரிந்திருக்கிறது. ஒவ்வொரு துண்டிலும் 11, 12 பேர், ஆளுக்காள் பறித்து விளையாட இரண்டு பந்து என்று ஆசிரியை ஒழுங்கு செய்தார். களஞ்சியத்தில் தொங்கிய பந்துகள் வெளியே வந்தன. உடற்கல்வி உள்ள நாளில் விளையாட்டு உடையோடும் சப்பாத்தோடும் வீட்டிலிருந்தே வரலாம் என்று அதிபர் அனுமதித்தார். வரவு, ஓடிக்கொண்டிருக்கும்போதே எடுக்கப்படுகிறது. இந்த வருடம் தோழி மறுபடி கடிகாரத்தோடு போய் நின்றபோது, அவர் பார்த்த பிள்ளை 22 நிமிடம் ஓடியிருந்தாள். ஒரு பிள்ளை, ஒரு நாள், அவ்வளவுதான் எங்கள் ஆராய்ச்சி.

சரிவராதவையும் உண்டு. இருபது இடத்தில் இருபதும் நிரம்பியிருக்கின்றன. ஆசிரியையின் ஓய்வைத் தவிர வெறுமையான இடம் ஒன்றும் இல்லை. போயா விடுமுறையோ மழையோ வந்தால் அன்றைய வகுப்புகளுக்குத் திருப்பிக் கொடுக்க முடியாது. கார்த்திகை மழையில் மைதானத்தின் தென்புறம் குளமாகிவிடும். முதலாம் தவணையில் இல்ல மெய்வல்லுநர் போட்டிப் பயிற்சி மைதானத்தை எடுத்துக்கொண்டது, தெரிவானவர்கள் ஓட மற்றவர்கள் கைதட்டிக்கொண்டிருந்தார்கள். சாதாரண தரப் பரீட்சை வந்தால் மண்டபம் பரீட்சை நிலையமாகிவிடும். ஆசிரியை வலயப் போட்டிகளுக்குப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போகும் நாட்களில் எல்லாமே நின்றுவிடும். தண்ணீர்த் தாங்கியும் மலசலகூடமும் மைதானத்துக்குத் தூரம். கழிப்பறைக்குப் போகவேண்டி வருமே என்று தண்ணீரே குடிக்காமல் ஓடும் பிள்ளைகளை நாங்கள் கண்டோம். எங்கள் சிகிச்சை அறைக்கும் அவர்கள் சிறுநீர்த் தொற்றோடு வருகிறார்கள். விளையாட்டுப் பொருளுக்கென்று சேர்த்த பணத்தை மைதான ஓரத்தில் குழாயும் இரண்டு கழிப்பறைகளும் கட்டுவதற்குத் திருப்ப இந்தக் கூட்டத்தின் சம்மதத்தைக் கேட்கிறோம்.

எல்லாவற்றுக்கும் மேலாக எங்களை உறுத்துவது ஒன்று. உடற்கல்வியைத் தெரிவு செய்யாத தரம் 10, 11 பிள்ளைகளுக்கு இந்த மட்டையில் ஒரு கட்டம்கூட இல்லை. பழையதிலும் இல்லை. 15, 16 வயதில், எலும்பு உறுதிப்படுகிற காலத்தில், அவர்கள் பாடசாலையிலிருந்து நேரே ரியூசனுக்குப் போய் இரவு வரை கதிரையில் இருக்கிறார்கள். ஒரு மைதானத்துக்குள்ளும் ஒரு ஆசிரியைக்குள்ளும் அவர்களுக்கு இடம் காண எங்களால் முடியவில்லை. இரண்டாவது ஆசிரியை ஒருவர் கிடைத்தாலும் மைதானத்தின் இடங்கள் அதே 25தான். ஆனால் சோடி வகுப்புகளுக்கு அவர் நிற்பார், வகுப்பாசிரியைகள் விடுபடுவார்கள், காலையில் ஒதுக்கிய அந்த ஐந்து ஓய்வுப் பாடவேளைகளும் இவர்களுக்குத் திறக்கும். மட்டை உப அதிபரின் அறையில் தொங்குகிறது. தேநீர் நேரத்தில் யாரும் வந்து பார்க்கலாம். எங்கள் கண்ணுக்குப் படாத ஒரு வழி உங்களுக்குத் தெரிந்தால், பக்கத்திலேயே ஊசிப் பெட்டியும் இருக்கிறது.